சோக வரியை இளக்குவது, லேசான வரியை ஆழமாக்குவது: படத்துக்குக் கீழே எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

பென்னாகரத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம், லேமினேஷன், பிரேம் என்று எல்லாம் செய்கிறோம். கொஞ்ச வருஷமாக வருகிறவர்கள் படத்தோடு இன்னொன்றும் கேட்கிறார்கள்: "அண்ணா, கீழ ஒரு வரி போட்டுக் குடுங்க." பாதிப்பேர் வரியைக் கையோடு எழுதிக்கொண்டே வருவார்கள். அதைப் படித்துவிட்டு அவர்களே, "ரொம்ப அழுகாச்சியா இருக்குல்ல?" என்பார்கள். இல்லையென்றால், "ரொம்ப வெளயாட்டா இருக்கு, கொஞ்சம் வெயிட்டா வேணும்" என்பார்கள்.

முன்பெல்லாம் உடனே அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதிக் கொடுப்பேன். அது தப்பு என்று புரிய நாளாயிற்று. நான் எழுதியது நன்றாகவே இருக்கும். ஆனால் அவர்கள் குரல் அதில் இருக்காது. வாங்கிக்கொண்டு போவார்கள், வீட்டில் மாட்டுவார்கள், மனசு ஒட்டாது. இப்போது அவர்கள் எழுதிய வரியையே எடுத்து, ஒவ்வொரு இடமாக, மெல்ல மெல்ல மாற்றுகிறேன். அதை எப்படிச் செய்வது என்பதை இரண்டு படங்களை வைத்து இங்கே சொல்கிறேன்.

எடை எங்கே இருக்கிறது

நம்முடைய பேச்சில் சோகமும் சந்தோஷமும் பெரிய சொற்களில் இருப்பதைவிட வாலில்தான் அதிகம் இருக்கும். ஒரு பானை உடைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடைந்தது.
உடைந்துவிட்டது.
உடைந்துபோனது.
உடைந்துபோய்விட்டதே.

பானை அதேதான், சேதமும் அதேதான். முதல் வரி செய்தி சொல்கிறது. இரண்டாவது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறது. மூன்றாவதில் ஒரு இழப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. நான்காவதில் ஒருவர் தலையில் கைவைத்து நிற்கிறார். 'விடு', 'போ' என்ற இரண்டு துணைவினையும் கடைசியில் ஒரு 'ஏ'யும் செய்த வேலை இது. சோக வரியை இளக்க வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த வாலைத்தான்.

பெயர்ச்சொல்லோடு ஒட்டும் சின்ன எழுத்துகளும் இப்படித்தான். "அப்பா வந்தார்" என்றால் வந்தார், அவ்வளவுதான். "அப்பாவும் வந்தார்" என்றால் கூட்டத்தில் ஒருவர். "அப்பாவே வந்தார்" என்றால் வரமாட்டார் என்று நினைத்திருந்தோம். "அப்பாதான் வந்தார்" என்றால் வேறு யாரோ வர வேண்டியிருந்தது, வரவில்லை. ஒரு உம், ஒரு ஏ, ஒரு தான். அவற்றுக்குப் பின்னால் ஒரு கதையே நிற்கும்.

அதனால்தான் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்று வைத்திருக்கிறேன். மூன்று இடத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், வரி கெட்டபோது எது கெடுத்தது என்று தெரியாது. பழைய வரியை அழிக்கவும் கூடாது. அதன் கீழேயே புதியதை எழுதுங்கள். காகிதத்திலோ போனில் நோட்ஸிலோ, ஏணி மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் கண் முந்திக்கொண்டு ஓடிவிடும். காதுக்குத்தான் வால் கேட்கும்.

முதல் படம்: ஆயாவும் புளியும்

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். தன் ஆயாவின் முதல் வருஷ நினைவு நாளுக்குப் படம் போட வந்தாள். ஆயா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டுகிறது. ஒரு பக்கம் ஓடு உடைத்த புளி குவிந்திருக்கிறது, முன்னால் ஒரு கல், கையில் சின்னச் சுத்தியல். யாரோ எதிரில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள், ஆயா வாய்விட்டுச் சிரிக்கிறது. முன்பற்கள் இல்லாத சிரிப்பு. நல்ல படம். அதற்கு அவள் எழுதிவந்த வரி:

என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாயே ஆயா... நீ இல்லாத இந்த வீடு வெறும் சுடுகாடு... 💔💔

"அம்மா இத தெனமும் பாக்கணும்ணா. இத படிச்சா பாக்கவே மாட்டாங்க," என்றாள். காரணத்தை அவளே சொல்லிவிட்டாள். எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. படத்தில் ஆயா சிரிக்கிறது, வரியோ ஒப்பாரி வைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

முதல் படியில் சொல்லைத் தொடவில்லை. புள்ளிகளையும் உடைந்த இதயங்களையும் மட்டும் எடுத்தோம்.

என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாயே ஆயா. நீ இல்லாத இந்த வீடு வெறும் சுடுகாடு.

மூன்று புள்ளி என்பது எழுத்தில் விம்முவது. அது போனதும் வரி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் உள்ளே இருப்பவை இப்போது இன்னும் பச்சையாகத் தெரிந்தன. இது எப்போதும் நடக்கும், பயப்பட வேண்டாம். அலங்காரத்தை எடுத்தால்தான் எந்தச் சொல் குத்துகிறது என்று தெரியும். இங்கே குத்தியது 'சுடுகாடு'.

இரண்டாவது படியில் அந்த ஒரு சொல். அதைத் தூக்கிவிட்டு அதே அர்த்தத்தில் ஒரு படி கீழே இறங்கினோம்.

என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாயே ஆயா. நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

'வெறிச்சென்று' நாம் அன்றாடம் சொல்கிற சொல். பிள்ளைகள் லீவு முடிந்து ஊருக்குப் போனாலும் வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். அதனால் அதில் துக்கமும் இருக்கிறது, வாழ்க்கையும் இருக்கிறது. சுடுகாட்டிலிருந்து நேராக 'அமைதியாக இருக்கிறது' என்று தாவியிருந்தால் பொய்யாகியிருக்கும். ஒரு படிதான் இறங்க வேண்டும்.

மூன்றாவது படிதான் பெரியது. "விட்டுவிட்டுப் போய்விட்டாயே" என்பதை எண்ணிப் பாருங்கள். மூன்று 'விடு', ஒரு 'போ', கடைசியில் ஒரு 'ஏ'. இதில் துக்கத்தைவிடக் குற்றச்சாட்டு அதிகம். நீ என்னை இப்படிச் செய்துவிட்டாய் என்று செத்தவரைப் பார்த்துக் கேட்பது. சாவு வீட்டில் அன்றைக்கு அது சரி. மார்பில் அடித்துக்கொண்டு அப்படித்தான் கேட்போம், கேட்கவும் வேண்டும். ஒரு வருஷம் கழித்துச் சுவரில் தொங்கும்போது அந்தக் கேள்வி நின்றுகொண்டே இருக்கும். முதலில் வாலை வெட்டினோம்: "போய்விட்டாய் ஆயா." பிறகு வாக்கியத்தின் தலையையே மாற்றினோம்:

நீ போய் ஒரு வருஷம் ஆயிற்று ஆயா. நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

இப்போது வினையைச் செய்வது ஆயா இல்லை, காலம். ஆயாமேல் இருந்த பழி இறங்கிவிட்டது. போனது போனதுதான், அதை மறைக்கவில்லை.

இங்கே சாவைக் குறிக்கும் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இயற்கை எய்தினார், காலமானார் என்பவை போஸ்டர் மொழி. எங்கள் பக்கம் வீட்டில் "தவறிட்டாங்க" என்போம். 'போய்' என்பது அதைவிட மெல்லியது. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சின்ன வினை போதும். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். அவையும் ஒரு வகையில் படமும் படத்தோடு எழுதிய வரியும்தான். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்த வீரனுக்கு நட்ட கல்லில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்கிற மாதிரிதான் எழுத்து இருக்கும். தொறு என்றால் மந்தை, பட்டான் என்றால் விழுந்தான், செத்தான். என்ன செய்தான், என்ன ஆனான் என்பதோடு முடிந்துவிடும், அழுகை வினை ஒன்றும் இருக்காது. சின்ன வரி எழுதும்போதெல்லாம் அந்தக் கற்கள் எனக்கு ஞாபகம் வரும்.

நான்காவது படியில் படத்தைப் பார்த்தோம். 'வெறிச்சென்று' என்பது உணர்ச்சி. அதற்குப் பதில் அந்த வெறுமை வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "ஆயா பொருளெல்லாம் யாரும் எடுக்கல. திண்ணையில அப்படியே இருக்கு," என்றாள். எழுதினோம்:

நீ போய் ஒரு வருஷம் ஆயிற்று ஆயா. திண்ணையில் உன் புளி தட்டுகிற கட்டை அப்படியே இருக்கிறது.

வாய்விட்டுப் படித்ததும் அவளே நிறுத்திவிட்டாள். ஆயாவிடம் முன்பு ஒரு மரக்கட்டைதான் இருந்ததாம், பழக்கத்தில் 'கட்டை' என்றே சொல்லியிருக்கிறாள். ஆனால் நினைவு நாள் வரியில் கட்டை என்றால் "இந்தக் கட்டை வேகிற வரைக்கும்" என்கிற கட்டைதான் முதலில் காதில் விழும். சாவுச் செய்தி அருகில் இருக்கும்போது சாதாரணச் சொற்களும் வேறு அர்த்தத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும். கட்டை, பாடை, பயணம், தூக்கம், மாலை எல்லாமே அப்படித்தான். மனசுக்குள் படித்தால் இது மாட்டாது. படத்தில் இருப்பதும் சுத்தியல்தானே, அதையே போட்டோம்.

ஐந்தாவது படியில் காலத்தை மாற்றினோம். நம் மொழி நமக்குக் கொடுத்திருக்கும் பெரிய வசதி இது. இறந்தவரைப் பற்றிச் சொல்லும்போதுகூட 'செய்வார், வருவார், கொடுப்பார்' என்று சொல்லலாம். எதிர்கால வடிவம், ஆனால் அர்த்தம் வழக்கம். "தாத்தா விடியகாலையில எந்திரிப்பாரு" என்றால் தாத்தா இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அவர் இன்னும் எழுந்திருந்துகொண்டே இருக்கிறார். 'கொடுத்தாய்' என்றால் கதவு சாத்தியாயிற்று, 'கொடுப்பாய்' என்றால் திறந்திருக்கிறது. அவளுக்கு என்ன ஞாபகம் என்று கேட்டேன். கொட்டை எடுத்த முதல் சுளையை ஆயா அவள் வாயில் வைக்குமாம், புளிப்பில் அவள் கண்ணை மூடுவதைப் பார்த்துச் சிரிக்குமாம். அந்தப் படத்தில் எதிரில் இருந்தவளும் இவள்தானாம். இப்போது மூன்று வாக்கியம் ஆயிற்று:

நீ போய் ஒரு வருஷம் ஆயிற்று ஆயா. திண்ணையில் உன் சுத்தியல் அப்படியே இருக்கிறது. புளி தட்டும்போது முதல் சுளையை என் வாயில் வைப்பாய்.

வரிசையை மாற்றிப் பாருங்கள்

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் காது கடைசி வரைக்கும் காத்திருந்தே பழகியிருக்கிறது. மூன்று வரி எழுதினாலும் மூன்றாவதுதான் மனசில் தங்கும். அதனால் சொல்லை மாற்றாமலே தொனியை மாற்றலாம். மேலே உள்ளதில் கடைசியில் புளிச்சுளை வருகிறது, நாக்கில் புளிப்போடு முடிகிறது. திருப்பிப் போடுங்கள்:

புளி தட்டும்போது முதல் சுளையை என் வாயில் வைப்பாய். திண்ணையில் உன் சுத்தியல் அப்படியே இருக்கிறது. நீ போய் ஒரு வருஷம் ஆயிற்று ஆயா.

அதே சொற்கள்தான், ஆனால் இது அழவைக்கும். முதல் இரண்டு வரியில் ஆயா உயிரோடு இருக்கிறது, மூன்றாவதில் நம் கையை விட்டுப் போகிறது. இளக்க வேண்டும் என்றால் துக்கச் செய்தியை முன்னால் சொல்லிவிட்டு நினைவில் முடியுங்கள். ஆழமாக்க வேண்டும் என்றால் நினைவில் தொடங்கிச் செய்தியில் முடியுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் எழுதுகிறவர்கள் இதோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீளமாக எழுதினால் தொடக்கம் மட்டும் தெரியும், மீதி உள்ளே மடங்கிவிடும். நீங்கள் இளக்கிவைத்த வரி மடிப்புக்குள் போய்விட்டால், பார்க்கிறவர் கண்ணில் 'நீ போய் ஒரு வருஷம்' மட்டுமே படும். போட்டதும் ஒருமுறை போனில் திறந்து, எங்கே மடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் முதல் வரிசையையே எடுத்துக்கொண்டாள். அதற்கு மேலும் ஒரு படி போய்ப் பார்த்தோம். 'நீ' என்பதை எடுத்துவிட்டு, "ஆயா போய் ஒரு வருஷம்... ஆயாவின் சுத்தியல்... என் வாயில் வைக்கும்" என்று ஆயாவைப் பற்றிச் சொல்கிற மாதிரி எழுதினோம். இறந்தவரிடம் பேசுவதைவிட இறந்தவரைப் பற்றிப் பேசுவது எப்போதும் ஒரு படி லேசு. ஊருக்கெல்லாம் போகிற அழைப்பிதழ், நினைவு மலர் மாதிரி இடங்களில் அது உதவும். வீட்டுச் சுவரில் பேத்தி ஆயாவிடம் பேசுவதுதான் சரி என்று அவள் திரும்ப 'நீ'க்கு வந்தாள். ஏணி கையில் இருந்ததால் ஒரு படி பின்னால் வர ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

இளக்கியது அதிகமானால்

இரண்டு விதமாக அதிகமாகும். ஒன்று, வரி எல்லோருக்கும் பொதுவாகிவிடும். "சிரித்த முகத்தோடு எங்கள் நெஞ்சில் என்றும் வாழ்கிறாய்" என்றால் துக்கம் குறைந்துதான் இருக்கிறது, ஆனால் ஆயாவும் குறைந்துவிட்டது. இந்த வரியை எந்த வீட்டுப் படத்துக்குக் கீழேயும் ஒட்டலாம். இதற்குச் சோதனை சுலபம். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியை மட்டும் படியுங்கள். அதில் உங்கள் வீட்டு ஆள் தெரிகிறாரா?

மற்றது, சாவே காணாமல் போய்விடும். "புளின்னாலே எங்க ஆயாதான்" என்று போட்டால் தூரத்துச் சொந்தம் யாராவது, "ஆயா எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிடுவார்கள். கேட்டவருக்கும் சங்கடம், பதில் சொல்ல வேண்டிய அம்மாவுக்கு அதைவிடச் சங்கடம். எவ்வளவு இளக்கினாலும் போனார் என்கிற ஒரு சொல் எங்காவது இருக்க வேண்டும்.

இரண்டாவது படம்: பரிசலில் அப்பா

இப்போது எதிர்த்திசை. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகும் ஒரு பையன், பொங்கல் லீவில் அப்பாவை ஒகேனக்கல் கூட்டிப்போய் எடுத்த படம். போனில் எடுத்தது, கொஞ்சம் ஆடியிருக்கிறது. வட்டப் பரிசலில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் பாறையும் தண்ணீரும். அவன் எழுதியது:

ஒகேனக்கல்ல அப்பாவோட செம்ம ரைடு! வேற லெவல் 🔥🔥🔥

"பிரேம் போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன். இது சின்னப் பையன் எழுதுன மாதிரி இருக்குண்ணா," என்றான். அப்பா யார் என்று கேட்டேன். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் முப்பது வருஷமாக டீக்கடை. ஒகேனக்கல் இங்கிருந்து 15, 16 கிலோமீட்டர்தான். அங்கே போகிற பஸ்ஸும் வேனும் அவர் கடையைத் தாண்டித்தான் போகும். அவர் பரிசலில் ஏறியதே இல்லை.

லேசான வரியை ஆழமாக்கும்போது நிறையப் பேர் செய்வது, பேச்சுத் தமிழிலிருந்து மேடைத் தமிழுக்குத் தாவுவது. "தந்தையின் கரம் பற்றி, காவிரியின் மடியில் ஓர் இனிய பயணம்" என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பையன் அப்பாவைத் தந்தை என்று ஒருநாளும் கூப்பிட்டிருக்க மாட்டான். ஆழம் வேறு, உயரம் வேறு. பேச்சு மொழியில் தொடங்கிய வரியைப் பேச்சு மொழியிலேயே ஆழமாக்குங்கள். 'கல்ல', 'வோட' எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

முதல் படியில் பாராட்டுச் சொற்களை எடுத்தோம். 'செம்ம', 'வேற லெவல்', மூன்று தீ. இவை எல்லாம் படிப்பவர் என்ன நினைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. பிறகு அவருக்கு நினைக்க ஒன்றும் இல்லை.

ஒகேனக்கல்ல அப்பாவும் நானும்.

'அப்பாவோட' என்பது 'அப்பாவும் நானும்' ஆனதைக் கவனியுங்கள். முன்பு அவன் போனான், அப்பா கூட இருந்தார். இப்போது இருவரும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இது இரண்டாவது படி: 'ரைடு' போனது, 'ஓட' போய் 'உம்' வந்தது, கூடவே ஒரு 'நானும்'.

மூன்றாவது படியில் ஒரு உண்மையைச் சேர்த்தோம்:

ஒகேனக்கல்ல அப்பாவும் நானும். அப்பா பரிசல்ல ஏறுனது இதான் மொத தடவ.

இங்கேயே நிறுத்தலாம். ஆனால் 'மொத தடவ' ஏன் பெரிய விஷயம் என்று வெளியாளுக்குத் தெரியாது. நான்காவது படியில் அந்தக் காரணத்தை, விளக்கமாகச் சொல்லாமல், ஒரு செயலாக வைத்தோம்:

முப்பது வருஷமா ஒகேனக்கல் போறவங்களுக்கு டீ போட்டவரு. பரிசல்ல ஏறுனது இதான் மொத தடவ.

இதில் மூன்று சின்ன விஷயங்கள் இருக்கின்றன. '30 வருஷமா' என்று எண்ணில் போட்டால் கணக்கு மாதிரி இருந்தது. எழுத்தில் போட்டதும் பேச்சு மாதிரி ஆனது. 'அப்பா' என்ற சொல்லே போய்விட்டது, ஆனால் 'போட்டவரு' என்கிற ஒரு சொல்லில் மரியாதையும் உறவும் தெரிகிறது. 'இதான்' என்பதில் உள்ள அந்தத் 'தான்' முப்பது வருஷத்தையும் தன்மேல் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதை எடுத்துவிட்டு "பரிசல்ல மொத தடவ ஏறுனாரு" என்று படித்துப் பாருங்கள், வெறும் தகவலாகிவிடும்.

ஒரு வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் பக்கம் அம்மாவையும் ஆயாவையும் 'வந்துச்சு, சொல்லுச்சு' என்று சொல்கிற வீடுகள் நிறைய. அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, ஒட்டுதல்தான். அதை 'சொன்னார்கள்' என்று திருத்தினால் வரி மரியாதையாகி விலகிப்போகும். அவர்கள் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே விடுங்கள்.

ஐந்தாவது படியில் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தோம். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அப்பா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், ஆனால் அவருடைய இடது கை பையனின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. விரல் முட்டிகள் வெளுக்கும் அளவுக்கு இறுக்கமான பிடி. பையன் சிரித்துவிட்டான்: "எறங்குற வரைக்கும் விடவே இல்லண்ணா."

முப்பது வருஷமா ஒகேனக்கல் போறவங்களுக்கு டீ போட்டவரு. பரிசல்ல ஏறுனது இதான் மொத தடவ. எறங்குற வரைக்கும் என் கைய விடல.

சிரிப்பு திரும்ப வந்துவிட்டது பாருங்கள். முதலில் இருந்த உற்சாகத்தைக் கொன்றுவிட்டு ஆழத்தைக் கொண்டுவரவில்லை. கடைசி வரியைச் சின்ன வயசுக்காரர் படித்தால் சிரிப்பார், பெற்றவர் படித்தால் வேறு ஒன்று தோன்றும். லேசான வரியை ஆழமாக்கும்போது ஏதாவது ஒரு லேசான பொருளைக் கடைசிவரை விட்டுவைக்க வேண்டும் என்பது என் எண்ணம். எல்லாம் கனத்துவிட்டால் அது வேறு வரி, அவன் எழுதியது இல்லை.

அதற்கு மேல் ஒரு படியும் வேண்டும் என்று அவனே கேட்டான். "இவருக்கு நான் என்ன கைமாறு செய்வேன்" என்று சேர்க்கலாமா என்றான். எழுதிப் பார்த்தோம். அப்பா பக்கத்தில் நிற்கும்போது இதைச் சத்தமாகப் படிக்க முடியுமா என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொகத்த வேற பக்கம் திருப்பிக்குவாரு," என்றான். எடுத்துவிட்டோம். ஆழமாக்கியது அதிகமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான். படத்தில் இருப்பவர் எதிரில் நிற்கும்போது அந்த வரியைப் படித்துக் காட்ட முடிய வேண்டும்.

எங்கே நிறுத்துவது, எதைத் தொடக் கூடாது

நான்கைந்து படிக்கு மேல் ஒரே உட்காரலில் போகாதீர்கள். அதற்குப் பிறகு எல்லா வரியும் ஒரே மாதிரி கேட்கும். ஏணியை அப்படியே வைத்துவிட்டு மறுநாள் காலையில் கீழிருந்து மேலே படியுங்கள். பெரும்பாலும் கடைசிப் படிக்கு முந்தைய படிதான் சரியாக இருக்கும், கடைசிப் படியில் ஒரு சொல் கூடியிருக்கும்.

சில வரிகளைத் தொடவும் கூடாது. சின்னக் குழந்தையை இழந்தவர்கள், விபத்தில் இழந்தவர்கள், சாவு நடந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள் எழுதிவருவதை நான் இளக்குவதில்லை. எழுத்துப் பிழை மட்டும் பார்ப்பேன். ஒரு தடவை அப்படி ஒருவருடைய பதினாறாம் நாள் வரியில் இருந்த 'பாவி' என்ற சொல்லை, கடுமையாக இருக்கிறதே என்று கேட்காமலே எடுத்துவிட்டேன். பிரேமை வாங்கிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். "அது நான் என்னையே சொல்லிக்கிட்டதுங்க," என்றார். அன்றைக்கே மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு வரியில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல் ஒரு எழுத்தையும் எடுப்பதில்லை.

ஆயா படம் பிரேம் போட்டு முடித்து அவள் எடுத்துக்கொண்டு போன மறுநாள் போன் வந்தது. அம்மாவுக்கு வரி பிடித்திருக்கிறதாம், திண்ணைக்கு மேலேயே மாட்டிவிட்டார்களாம். ஒரே ஒரு இடம் மட்டும் இடறுகிறதாம். "எங்க ஆயாகிட்டப் போயி யாராச்சும் 'ஆயிற்று'ன்னு சொல்லுவாங்களா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். சரிதான், நாங்கள் எல்லாப் படியிலும் வாலைப் பார்த்தோம், அந்த ஒரு வாலை விட்டுவிட்டோம். 'ஆயிற்று' என்பதை 'ஆச்சு' ஆக்கினேன். அதோடு சேர்ந்து 'இருக்கிறது' 'இருக்கு' ஆனது, 'திண்ணையில்' 'திண்ணையில' ஆனது, 'வைப்பாய்' 'வைப்ப' ஆனது. புதிய பிரிண்டை ஓசூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்:

நீ போயி ஒரு வருஷம் ஆச்சு ஆயா. திண்ணையில உன் சுத்தியல் அப்படியே இருக்கு. புளி தட்டும்போது மொத சுளைய என் வாயில வைப்ப.